முதல் நாள் கிரவுண்டுல என்ன பண்றது, பேரன்ட்ஸ்கிட்ட என்ன பேசுறது

"அண்ணா, எங்க ஏரியா கிளப்ல குட்டிப் பசங்களுக்கு புதுசா ஃபுட்பால் ஆரம்பிக்கிறோம். 8ல இருந்து 10 வயசு, 16 பேர் பேர் குடுத்திருக்காங்க, நானும் இன்னொரு வாலண்டியரும் மட்டும்தான். வர ஞாயிறு காலைல ஆறரைக்கு முதல் செஷன். காலேஜ் டீம்ல ஆடியிருக்கேன், ஆனா யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல. அந்த ஒரு மணி நேரத்தை எப்படி பிளான் பண்றது? கூட வர பேரன்ட்ஸ்கிட்ட என்ன பேசுறது?"

தம்பி, இந்த ரெண்டையும் தனித்தனியா யோசிக்காதீங்க. நீங்க கிரவுண்டுக்குள்ள என்ன பண்ணப் போறீங்களோ அது பேரன்ட்ஸ் மனசுல இருக்கிற கோச்சிங் மாதிரியே இருக்காது. அவங்க ஸ்கூல்ல பார்த்த பிடி பீரியட் என்ன? கிரவுண்டை நாலு சுத்து ஓடு, லைன்ல நில்லு, விசில் அடிச்சா ஓடு. அதை எதிர்பார்த்து வந்து நிக்கறவங்களுக்கு, பசங்க சிரிச்சிக்கிட்டு பாலோட சுத்திட்டு இருந்தா "என்ன இது, சும்மா விளையாட விட்டிருக்காங்க"ன்னுதான் தோணும். மூணாவது வாரம் அது வாட்ஸ்அப்ல வரும், நாலாவது வாரம் நாலு பசங்க வர மாட்டாங்க. அதனால முதல் நாள் பேசுற பேச்சுல பாதி, அன்னிக்கு அவங்க கண்ணால பார்க்கப் போறது என்ன, ஏன் அப்படின்னு சொல்றதுதான்.

முதல்ல கிரவுண்ட். பதினோரு வருஷம் முன்னாடி நான் நடத்தின முதல் செஷன்ல ரெண்டு லைன் போட்டேன், ஆளுக்கு எட்டு பேர், ஒருத்தன் ஓடி வந்து கோல் அடிக்கணும், அப்புறம் பின்னாடி போய் நிக்கணும். பார்க்க அழகா, ஒழுங்கா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒருத்தன் அடிச்சு அடுத்தவன் ரெடியாக 20 செகண்ட். எட்டு பேருன்னா ஒரு பையனுக்கு திரும்ப சான்ஸ் வர 2 நிமிஷம் 40 செகண்ட் ஆகும். 15 நிமிஷத்துல அவன் காலு பால்ல பட்டது அஞ்சு இல்ல ஆறு தடவை. மிச்ச நேரம் மண்ணைக் கிளறினான், முன்னாடி நிக்கறவன் சட்டையைப் பிடிச்சு இழுத்தான், அதுக்கு நான் அவனைத் திட்டினேன். தப்பு அவன் மேல இல்ல, நான் போட்ட லைன் மேல.

அதுக்கப்புறம் நான் எதை பிளான் பண்ணாலும் கேட்டுக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணு, இதுல எத்தனை பேர் ஒரே நேரத்துல ஆடிட்டு இருப்பாங்க? பாதிப் பேர் நின்னு வேடிக்கை பார்த்தா அந்த ஐட்டத்தை தூக்கிடுங்க. அது எவ்வளவு பெரிய அகாடமி வீடியோல பார்த்ததா இருந்தாலும் சரி.

இப்ப உங்க 16 பேருக்கு வருவோம். நீங்க ரெண்டு பேரும் ஆறு மணிக்கே அங்க இருக்கணும். முதல் வேலை கிரவுண்டை ஒரு தடவை முழுசா நடந்து பார்க்கிறது, பொது கிரவுண்டுன்னா முந்தின நாள் ராத்திரி உடைச்ச பாட்டில் கண்ணாடி, நாய் அசிங்கம், கிரிக்கெட் ஸ்டம்ப் நட்ட குழி எல்லாம் இருக்கும், கண்ணாடி கிடந்த இடத்தை விட்டுத் தள்ளி பிட்ச் போட்டுக்கோங்க, பொறுக்கி எடுத்தாலும் பொடி மிச்சம் இருக்கும். அப்புறம் மார்க்கர் போடணும். இங்க ஒரு டிப்ஸ், செஷன் நடுவுல மார்க்கரை நகர்த்தற மாதிரி பிளான் பண்ணாதீங்க, நீங்க குனிஞ்சு பொறுக்கிட்டு இருக்கிற அந்த ரெண்டு நிமிஷத்துலதான் பசங்க கையை விட்டுப் போவாங்க. பெரிய காலடி ஒண்ணு ஒரு மீட்டர்னு வச்சு, 30 காலடி நீளம் 20 காலடி அகலம்னு அளந்து பக்கத்துல பக்கத்துல ரெண்டு பிட்ச் போடுங்க. ஒவ்வொண்ணையும் நடுவுல ஒரு கோடு மாதிரி ரெண்டு மார்க்கர் வச்சு பாதியாக்குங்க. இப்ப உங்ககிட்ட ரெண்டு பெரிய பிட்ச்சும் இருக்கு, நாலு சின்ன பிட்ச்சும் இருக்கு. சின்னதுல 2க்கு 2, பெருசுல 4க்கு 4. கோலுக்கு ரெண்டு காலடி இடைவெளில ரெண்டு மார்க்கர் போதும், கீப்பர் வேண்டாம். மொத்தம் 40 மார்க்கருக்குள்ள முடிஞ்சிடும்.

பால் சைஸ் 4 வாங்குங்க. நீங்க ஆடின சைஸ் 5 இந்த வயசுக்கு பெருசு, உதைச்சா கால் வலிக்கும், வலிச்சா பசங்க பாலை விட்டு ஒதுங்க ஆரம்பிப்பாங்க. ஆளுக்கொண்ணு இருந்தா சந்தோஷம், இல்லன்னா எட்டு பால் இருந்தாலும் ஓட்டிடலாம். ஷூ விஷயத்துல மட்டும் உறுதியா இருங்க. ஒருத்தன் ஸ்டட்ஸ் போட்டும் ஒருத்தன் வெறுங்காலோடவும் ஒரே பிட்ச்ல ஆட விடாதீங்க, மிதிச்சா விரல் போயிடும். எல்லார்கிட்டயும் ஸ்டட்ஸ் இருக்காது, அதனால முதல் மாசம் எல்லாருக்கும் சாதா கேன்வாஸ் ஷூன்னு சொல்லிடுங்க, யாருக்கும் புதுசா வாங்குற செலவும் இல்ல.

ஆறரைன்னு சொன்னா பசங்க 6:20ல இருந்து 6:40 வரைக்கும் வந்துட்டே இருப்பாங்க. எல்லாரும் வரட்டும்னு காத்திருக்காதீங்க. முதல் நாலு பேர் வந்ததும் பெரிய பிட்ச்ல ஒரு பாலைப் போட்டு 2க்கு 2 ஆரம்பிச்சிடுங்க. அடுத்து வரவன் இந்தப் பக்கம், அதுக்கடுத்தவன் அந்தப் பக்கம், 4க்கு 4 ஆனதும் ரெண்டாவது பிட்ச்ல அடுத்த ஆட்டம். இதுக்கு எந்த விளக்கமும் தேவையில்ல, எல்லா தெருவுலயும் பசங்க இப்படித்தான் ஆடுறாங்க. சீக்கிரம் வந்தா அதிக நேரம் விளையாடலாம்னு பசங்களுக்கு ரெண்டு வாரத்துல புரிஞ்சிடும், அப்புறம் அவங்களே வீட்டுல அம்மா அப்பாவை எழுப்பிடுவாங்க. இந்த ஆட்டத்தை உங்க கூட இருக்கிறவர் பார்த்துக்கட்டும். நீங்க அந்த நேரத்துலதான் பேரன்ட்ஸ்கிட்ட பேசப் போறீங்க, அதுக்கு அப்புறம் வரேன்.

6:40க்கு எல்லாரையும் ஒரு பிட்ச்சுக்குள்ள கூப்பிட்டு ஆளுக்கொரு பால். நீங்க சூரியனைப் பார்த்து நில்லுங்க, பசங்க முதுகு சூரியன் பக்கம் இருக்கட்டும், கண்ணு கூசினா ஒருத்தனும் உங்க முகத்தைப் பார்க்க மாட்டான். பேசும்போது பாலை வயித்தோட அணைச்சுப் பிடிக்கச் சொல்லுங்க, காலடில இருந்தா உதைச்சிட்டேதான் இருப்பாங்க, அது அவங்க தப்பில்ல. முதல் ஆட்டம் வால் பிடுங்கறது. ஆளுக்கொரு பிப், டீம் பிரிக்கப் போடுவோமே அந்த கலர் பனியன், அதை இடுப்புல பின்னாடி வால் மாதிரி செருகிக்கணும், பாலை உருட்டிக்கிட்டே அடுத்தவன் வாலைப் பிடுங்கணும், நம்ம வாலைக் காப்பாத்திக்கணும். இதுல ஒரு முக்கியமான விஷயம், வால் போனவனை வெளிய உக்கார வைக்காதீங்க. அவுட் ஆனா வெளியன்னு வச்சா முதல்ல வெளிய போறது யாரு? நல்லா ஆடத் தெரியாத பையன். யாருக்கு அதிகமா பால் தொடணுமோ அவன்தான் அதிக நேரம் உக்கார்ந்திருப்பான். வால் போனா பால் மேல காலை மாத்தி மாத்தி பத்து தடவை வச்சிட்டு, என்கிட்ட வந்து புது வால் வாங்கிட்டு திரும்ப உள்ள போ, அவ்வளவுதான்.

நீங்க சொல்லிக் குடுக்கிற விஷயம் அன்னிக்கு முழுக்க ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும். பாலை காலுக்குப் பக்கத்துலயே வச்சுக்கோ, அடிக்கடி தலையைத் தூக்கிப் பாரு. இதைத்தான் வால் ஆட்டத்துலயும் சொல்லணும், 2க்கு 2லயும் சொல்லணும், கடைசி மேட்ச்லயும் சொல்லணும். காலேஜ்ல ஆடினவங்களுக்கு இதுதான் கஷ்டம், தெரிஞ்சது எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டணும்னு இருக்கும், பாஸிங்ல காலோட உள்பக்கம் எப்படி, உடம்பு எப்படி, இடம் எப்படின்னு. எட்டு வயசுப் பையன் ஒரு நாளைக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போனா அதுவே பெருசு. விளக்கம் குடுக்கிறதும் 30 செகண்டுக்குள்ள இருக்கணும், நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, புரியாதவன் பக்கத்துல இருக்கிறவனைப் பார்த்துப் புரிஞ்சுப்பான்.

தண்ணி குடிக்க விட்டுட்டு 2க்கு 2, நாலு சின்ன பிட்ச்சும் ஓடும், பால் வெளிய போனா யாருக்குப் பக்கத்துல இருக்கோ அவங்க உள்ள உருட்டி ஆரம்பிக்கலாம். மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜெயிச்ச ஜோடி ஒரு பிட்ச் வலது பக்கம், தோத்த ஜோடி ஒரு பிட்ச் இடது பக்கம். ரெண்டு மூணு சுத்துல சம பலம் உள்ளவங்க தானா எதிரெதிர்ல வந்துடுவாங்க, நீங்க யாரையும் "நீ வீக்கு"ன்னு பிரிக்க வேண்டியதில்ல. கடைசி இருபது நிமிஷம் 4க்கு 4, ரெண்டு மேட்ச், முழுக்க பசங்க ஆட்டம். இதுல நீங்க வாயைத் திறக்கிறது குறைவா இருக்கணும். பால் காலுல இருக்கிறவனைப் பார்த்து "பாஸ் பண்ணுடா"ன்னு கத்தாதீங்க, அவன் அந்த நிமிஷம் ஏதோ ஒண்ணு முடிவு பண்ணிட்டு இருக்கான், அந்த முடிவை எடுக்கத்தான் அவன் வந்திருக்கான்.

16 பேருன்னு சொன்னீங்க, 16 பேர் வரவே மாட்டாங்க. 13 வரும், இல்ல தம்பி தங்கச்சியோட 19 வரும். ஒத்தைப் படையா வந்தா ஒருத்தரை ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா போடுங்க, பால் எந்த டீம்கிட்ட இருக்கோ அந்த டீமுக்கு ஆடணும். கோச்சுங்க இதை ஜோக்கர்னு சொல்வாங்க, நம்ம தெரு கிரிக்கெட்ல காமன்னு சொல்வோமே அதேதான். ஆனா இதுக்கு நல்லா ஆடற பையனைப் போடுங்க, ஒண்ணும் தெரியாத பையனைப் போட்டா அவன் ஒப்புக்குச் சப்பாணி ஆயிடுவான், யாரும் அவனுக்குப் பால் குடுக்க மாட்டாங்க.

ஆட்டம் சரியில்லன்னு எப்படித் தெரியும்? பாலைப் பார்க்காதீங்க, பால் இல்லாத பசங்க காலைப் பாருங்க. நின்னுட்டு இருந்தா, உக்கார்ந்தா, பக்கத்துப் பையன்கிட்ட கதை பேசினா பிட்ச் பெருசு, இல்லன்னா ஆளு அதிகம்னு அர்த்தம். பால் நிமிஷத்துக்கு மூணு தடவை வெளிய போச்சுன்னா பிட்ச் சின்னது. ஸ்கோர் 6க்கு 0 ஆயிடுச்சுன்னா அந்த மேட்ச் முடிஞ்சது, நிறுத்தி ஆளை மாத்தி 0ல இருந்து ஆரம்பிங்க, ரெண்டு பக்கமும் சந்தோஷப்படுவாங்க.

உடம்பு விஷயம் கொஞ்சம் சொல்லணும். நம்ம ஊரு வெயில்ல ஏழரைக்கு மேல குட்டிப் பசங்களை ஓட விடாதீங்க, ஏப்ரல் மே மாசம்னா இன்னும் அரை மணி நேரம் முன்னாடி தள்ளுங்க. தண்ணி 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை, தாகம் எடுத்தவன் நடுவுலயும் கேக்காம போய் குடிக்கலாம். எனக்கு இத்தனை வருஷத்துல அதிகமா வந்த பிரச்சனை அடி இல்ல, வெறும் வயித்துல வந்து தலை சுத்தறது. வெறும் டீயோட அனுப்பிடுவாங்க. அரை மணி நேரம் முன்னாடி ஒரு வாழைப்பழம் போதும், இதைப் பேரன்ட்ஸ்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. ஒரு பையன் தலைவலி, வாந்தி வர மாதிரி இருக்குன்னு சொன்னா நிழல்ல படுக்க வச்சு, ஈரத்துணி வச்சு, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுங்க. குழப்பமா பேசினா, மயங்கினா யோசிக்கவே வேண்டாம் 108, மயங்கினவன் வாயில தண்ணி ஊத்தாதீங்க. ரெண்டு பேர் தலை மோதி யாராவது மந்தமா இருந்தா அன்னிக்கு அவன் ஆட்டம் முடிஞ்சது, அவன் நல்லாத்தான் இருக்கேன்னு அழுதாலும் உள்ள விடாதீங்க, வீட்டுல விஷயத்தைச் சொல்லி டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி அனுப்புங்க. ஹெட்டிங் இந்த வயசுல சொல்லிக் குடுக்கவே வேண்டாம். அமெரிக்க ஃபுட்பால் சங்கம் 2015லயே 10 வயசு வரைக்கும் வேண்டாம்னு முடிவு பண்ணிடுச்சு, இங்கிலாந்துல 2020ல பிரைமரி ஸ்கூல் வயசுப் பசங்களுக்கு டிரெயினிங்ல ஹெட்டிங் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. யாராவது அப்பா கேட்டா இதையே சொல்லலாம்.

இப்ப பேரன்ட்ஸ். நேரம் ஏழு நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். செஷன் முடிஞ்சப்புறம் பேசலாம்னு விடாதீங்க, அப்ப எல்லாரும் பைக் சாவியைக் கைல வச்சிட்டு நிப்பாங்க, அதுவும் இல்லாம அவங்க பார்த்து முடிச்சு ஒரு முடிவுக்கு வந்திருப்பாங்க. 6:32 போல, பசங்க ஆடிட்டு இருக்கும்போது, அது கண்ணுல படுற இடத்துல நின்னு பேசுங்க. நான் பேசுறது ஏறக்குறைய இப்படி இருக்கும், அப்படியே எடுத்துக்கலாம்.

"வணக்கம்ங்க, நான் இன்னார், இவர் இன்னார், ரெண்டு பேரும் சம்பளம் வாங்காம நேரம் குடுத்து வரோம். இன்னிக்கு நீங்க பார்க்கப் போறது ஸ்கூல் பிடி மாதிரி இருக்காது. யாரும் லைன்ல நிக்க மாட்டாங்க, கிரவுண்டைச் சுத்த விட மாட்டோம். சும்மா விளையாடற மாதிரி தெரியும், ஆனா ஒரு மணி நேரமும் உங்க குழந்தை காலு பால்ல பட்டுட்டே இருக்கும், இந்த வயசுல அப்படித்தான் வரும். ஒரு வேலை பண்ணுங்க, ஒரு அஞ்சு நிமிஷம் உங்க குழந்தையை மட்டும் பார்த்து எத்தனை தடவை பாலைத் தொடுதுன்னு எண்ணுங்க. இந்த வருஷம் டீம் செலக்ஷன் கிடையாது, மேட்ச் வச்சா எல்லாருக்கும் ஒரே அளவு நேரம். நாங்க அடிக்க மாட்டோம், கெட்ட வார்த்தை சொல்லித் திட்ட மாட்டோம். உங்ககிட்ட ஒரே ஒரு உதவி, வெளிய நின்னு கை தட்டுங்க, பேரைச் சொல்லி உற்சாகப்படுத்துங்க, ஆனா அடி, ஓடு, பாஸ் பண்ணுன்னு சொல்லாதீங்க. ஆஸ்துமா, வலிப்பு, அலர்ஜி, ஏதாவது மருந்து இருந்தா இப்ப எல்லார் முன்னாடியும் வேண்டாம், ஃபார்ம்ல எழுதிட்டு என்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லுங்க. ஏழரைக்கு முடியும், யார் கூட்டிட்டுப் போவாங்கன்னு ஃபார்ம்ல எழுதியிருக்கிறவங்க கூட மட்டும்தான் அனுப்புவோம்."

அந்த எண்ணிப் பாருங்கன்னு சொல்றது இருக்கே, அதை விட்டுடாதீங்க. ஒரு அப்பா முதல் நாள் கை கட்டிட்டு முறைச்சிட்டே நின்னார், இதைச் சொன்னப்புறம் விரல் விட்டு எண்ணிட்டே இருந்தார், நாப்பது வரைக்கும் எண்ணி விட்டுட்டேன் சார்னு சிரிச்சிட்டே வந்து சொன்னார். வெளிய நின்னு கத்தறவங்க நிறைய பேருக்கு அவங்க செய்யறதுக்கு ஒரு வேலை இல்லங்கறதுதான் பிரச்சனை, அவங்களுக்கு ஒரு வேலை குடுத்தா அடங்கிடுவாங்க.

வெளிய இருந்து சொல்லாதீங்கன்னு ஏன் கேக்கறோம்னு யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க. எங்க கிளப்ல ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன், பால் அவன்கிட்ட வரும்போதெல்லாம் ஒரு செகண்ட் கோட்டுக்கு வெளிய திரும்பிப் பார்ப்பான். அப்பா என்ன சொல்றார்னு. அவன் திரும்பி வரதுக்குள்ள பாலை எவனாவது எடுத்துட்டுப் போயிருப்பான், உடனே அப்பா இன்னும் சத்தமா கத்துவார், அடுத்த தடவை அவன் இன்னும் அதிக நேரம் திரும்பிப் பார்ப்பான். அப்பா கெட்டவர் இல்ல, பையன் நல்லா ஆடணும்னுதான் தொண்டை கிழியக் கத்தினார். தனியா கூப்பிட்டு, அடுத்த வாரம் சும்மா அவன் கண்ணை மட்டும் பாருங்க சார்னு சொன்னேன். பார்த்தார். அப்புறம் எதிர்ப் பக்கம் மரத்தடில போய் நிக்க ஆரம்பிச்சார், ஒரு மாசத்துல பையன் திரும்பிப் பார்க்கிறது நின்னுடுச்சு.

இன்னும் சில பேச்சு கண்டிப்பா வரும், ரெடியா இருங்க. "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்"னு ஒருத்தர் சிரிச்சிட்டே சொல்வார், பாசத்துலதான் சொல்வார், பக்கத்துல பையன் நிப்பான். நீங்களும் சேர்ந்து சிரிச்சிடாதீங்க, பையன் அதை ஒப்பந்தமா எடுத்துக்குவான். "இல்லங்க, இங்க அது தேவைப்படாது, சேட்டை பண்ணா ரெண்டு நிமிஷம் என் பக்கத்துல நின்னுட்டு திரும்ப உள்ள போகப் போறான்"னு பையனுக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க. "இவன் ஸ்டேட் லெவல் போவானா?"ன்னு கேப்பாங்க. எட்டு ஒன்பது வயசுல யாராலயும் சொல்ல முடியாது, இன்னிக்கு எல்லாரையும் தள்ளிட்டு ஓடறவன் வளர்த்தி சீக்கிரம் வந்ததால கூட அப்படி இருக்கலாம், பதினாலு வயசுல மத்தவங்களும் வளர்ந்து வந்துடுவாங்கன்னு உள்ளதைச் சொல்லிடுங்க. போவான்னு ஆசை காட்டினா அந்த வார்த்தையை மூணு வருஷம் கழிச்சும் கேப்பாங்க.

பொண்ணுங்களோட அம்மாங்க கேக்கறது வேற மாதிரி இருக்கும், சில பேர் கேக்காம மனசுலயே வச்சிருப்பாங்க, அதனால நீங்களே சொல்லிடுங்க. டாய்லெட் எங்க இருக்கு, அங்க போகும்போது யார் கூட போவாங்க, தொட்டுச் சொல்லிக் குடுக்க மாட்டோம் செஞ்சு காட்டித்தான் சொல்லுவோம், கேக்காம யாரோட ஃபோட்டோவும் போட மாட்டோம். முடிஞ்சா ஒரு அம்மாவையோ அக்காவையோ வாலண்டியரா சேர்த்துக்கோங்க, அதுக்கப்புறம் பொண்ணுங்க எண்ணிக்கை தானா ஏறும்.

வாட்ஸ்அப் குரூப் அட்மின் மட்டும் போஸ்ட் பண்ற மாதிரி வச்சிடுங்க, டைம், இடம், மழைன்னா கேன்சல், அவ்வளவுதான். குழந்தைங்களுக்கு நேரா மெசேஜ் போடக் கூடாது, எதுவா இருந்தாலும் பேரன்ட் நம்பருக்குத்தான். அதே மாதிரி எந்தக் குழந்தையோடயும் நீங்க தனியா, மறைவா இருக்கிற நிலைமை வரக் கூடாது, பைக்ல தனியா டிராப் பண்றது உட்பட. இது குழந்தைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. ஒரு குழந்தை வீட்டுலயோ வேற எங்கயோ யாராவது தப்பா நடந்துக்கிறதா உங்ககிட்ட சொன்னா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாதீங்க, துருவித் துருவிக் கேக்காதீங்க, அது சொன்ன வார்த்தைலயே எழுதி வச்சு அன்னிக்கே கிளப் பொறுப்பாளர்கிட்ட சொல்லுங்க. சைல்டு ஹெல்ப்லைன் 1098. பாலியல் தொல்லைன்னா போக்ஸோ சட்டப்படி போலீஸுக்குத் தெரிவிக்கிறது கட்டாயம், பார்த்துக்கலாம்னு விட முடியாது.

புகார் வரும். முதல் நாளே கூட, "என் பையனுக்குப் பாலே வரல"ன்னு ஒருத்தர் வருவார். அந்த இடத்துலயே நியாயம் பேச ஆரம்பிக்காதீங்க, சுத்தி பசங்க நிப்பாங்க, அவன் காது முழுக்க இங்கதான் இருக்கும். "நீங்க சொன்னதை குறிச்சுக்கிட்டேன் சார், நாளைக்கு சாயங்காலம் நானே கூப்பிடறேன்"னு சொல்லிட்டு, சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்க. கூப்பிட்டா முதல்ல அவர் பேசி முடிக்கட்டும். அப்புறம் நீங்க கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க, "2க்கு 2ல நல்லா ஆடினான், ரெண்டு கோல் போட்டான், 4க்கு 4ல கூட்டம் சேர்ந்ததும் ஓரமா ஒதுங்கினான், அடுத்த வாரம் அவனை முதல்ல 3க்கு 3ல விடலாம்னு இருக்கேன்." உங்க பையன் பயந்தாங்கொள்ளி, கூச்ச சுபாவம்னு எல்லாம் பேர் வைக்காதீங்க, அந்தப் பேர் அன்னிக்கு ராத்திரியே வீட்டுல அவன் மேல ஒட்டிடும்.

இதுக்காகத்தான் ஒரு சின்ன நோட்டு வேணும். செஷன் முடிஞ்சதும் பத்து நிமிஷம் ரெண்டு பேரும் உக்கார்ந்து எழுதுங்க, எது ஓடுச்சு, எதுல நின்னாங்க, எந்தப் பையனோட பேர் நமக்கு ஞாபகமே வரல. பேர் ஞாபகம் வராதவனைத்தான் அன்னிக்கு நீங்க பார்க்கல, அடுத்த வாரம் அவன் வந்ததும் முதல்ல அவன்கிட்ட போய்ப் பேசுங்க.

ஆனா நோட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி பசங்க எல்லாரும் போயிருக்கணும். எப்பவும் ஒருத்தனுக்கு ஆள் வர லேட் ஆகும். நான் பார்த்துக்கிறேன் நீ கிளம்புன்னு உங்கள்ல ஒருத்தர் போயிடாதீங்க, அவன் அப்பா வர 8:10 ஆனாலும் ரெண்டு பேரும் இருங்க, அதுவரைக்கும் மார்க்கரைப் பொறுக்கி அடுக்கற வேலையை அவன்கிட்ட குடுங்க, சந்தோஷமா பண்ணுவான்.